மாங்கூழ் ஆலையை வாங்கிய குழுமத்தில் குட்வில் மதிப்பிழப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் குழுமக் கணக்குகளில் வேலை செய்கிறவர்களும் சிஏ படிக்கிற பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. எல்லாப் பதிலும் ஒரே உதாரணத்தின் மேல் நிற்கிறது. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நிறுவனங்களும் தொகைகளும் கற்பனை.

ஓசூரில் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட ஒரு பழரச நிறுவனம். அது 2023 ஏப்ரல் 1 அன்று காவேரிப்பட்டினம் பக்கம் இருக்கும் மாங்கூழ் நிறுவனம் ஒன்றில் 80 சதவீதப் பங்குகளை 48 கோடி ரூபாய்க்கு வாங்கியது. மீதி 20 சதவீதம் பழைய முதலாளி குடும்பத்திடமே இருக்கிறது. வாங்கிய அன்று ஆலையின் நிகரச் சொத்துகளின் நியாய மதிப்பு 50 கோடி. அதில் 80 சதவீதம் 40 கோடி. கொடுத்தது 48 கோடி. ஆக, ஒருங்கிணைந்த கணக்கில் குட்வில் 8 கோடி. சிறுபான்மையர் உரிமையை, நிகரச் சொத்தில் அவர்கள் பங்கான 10 கோடிக்கே எடுத்துக்கொண்டார்கள். சோதனை நாள் 2025 மார்ச் 31; அன்றும் நிகரச் சொத்து 50 கோடியிலேயே நிற்கிறது. ஆலைக்குக் கடன் இல்லை என்று வைத்துக்கொள்வோம். தள்ளிவைத்த வரியையும் இங்கே விட்டுவிடுகிறேன். அதைச் சேர்த்தால் கணக்கு நீளுமே தவிர வழி மாறாது.

சார், குட்வில்லுக்குத் தேய்மானம் கிடையாதுன்னு சொல்றாங்க. அப்ப அது எப்பதான் குறையும்?

இண்ட் ஏஎஸ் 103-ன்படி அதற்கு வருடாவருடம் தேய்மானம் எழுதுவதில்லை. அதற்குப் பதிலாக, இண்ட் ஏஎஸ் 36-ன்படி வருடத்துக்கு ஒரு தடவையாவது மதிப்பிழப்புச் சோதனை செய்தாக வேண்டும். நிலைமை நன்றாக இருந்தாலும் சோதனை உண்டு. நடுவில் ஏதாவது அறிகுறி தெரிந்தால் அப்போதும் செய்ய வேண்டும். வளைகுடா நாட்டு வாடிக்கையாளர் ஆர்டரைக் குறைப்பது, சித்தூர் ஆலைகள் விலையை இறக்குவது, வட்டி விகிதம் ஏறுவது எல்லாம் அறிகுறிகள்தான்.

குட்வில் தனியாகப் பணம் சம்பாதிக்காது. அதைத் தனியாக எடுத்து விற்கவும் முடியாது. அதனால் அது ஒட்டியிருக்கும் அலகை முழுதாக எடைபோட்டுத்தான் குட்வில் இன்னும் நிற்கிறதா என்று பார்க்க முடியும்.

மாங்கூழ் ஆலையில் பாதிச் சரக்கு நம்ம ஓசூர் ஜூஸ் யூனிட்டுக்குத்தான் போகுது. அப்ப ரெண்டையும் சேர்த்து ஒரே அலகுன்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்கொள்ள எல்லோருக்கும் ஆசைதான். ஜூஸ் யூனிட் நன்றாகச் சம்பாதித்தால் அதன் உபரி மாங்கூழ் ஆலையின் ஓட்டையை மூடிவிடும், நஷ்டமே வெளியே வராது. ஆடிட்டர் முதலில் கை வைக்கும் இடமும் இதுதான்.

பணம் ஈட்டும் அலகு என்பது, பிறவற்றைப் பெரிதாகச் சாராமல் தன் வரவைத் தானே கொண்டுவரும் மிகச் சிறிய சொத்துத் தொகுதி. பெங்களூரா மாங்கூழுக்கு வெளிச் சந்தை இருக்கிறது. 215 கிலோ டிரம் இன்ன விலை என்று எந்த வியாபாரியும் சொல்லிவிடுவார். அப்படிச் சந்தை இருக்கும்போது, சரக்கு முழுவதும் உள்ளேயே போனாலும் ஆலை தனி அலகுதான். உள்ளே அனுப்பும் சரக்குக்குக் குழுமம் போட்டுக்கொண்ட விலையை விட்டுவிட்டு, வெளியாரிடம் விற்றால் என்ன கிடைக்குமோ அந்த விலையைத்தான் கணிப்பில் போட வேண்டும்.

அடுத்தது குட்வில்லை எங்கே வைப்பது என்ற கேள்வி. வாங்கியதால் பயன் அடையும் அலகுகளுக்கு அதைப் பகிர வேண்டும். மாங்கூழ் ஆலையை வாங்கியதால் ஜூஸ் யூனிட்டுக்கு மூலப்பொருள் செலவு குறைகிறது என்பதற்காகவும் சேர்த்துத்தான் அந்த விலை கொடுத்தார்கள் என்றால், ஒரு பகுதி குட்வில் ஓசூருக்குப் போகலாம். ஆனால் அதை வாங்கும் காலத்திலேயே, காகிதத்தில், காரணத்தோடு முடிவு செய்திருக்க வேண்டும். நஷ்டம் தெரிந்த வருடத்தில் திடீரென்று நினைவு வந்து மாற்றினால் எடுபடாது. நம் உதாரணத்தில் 8 கோடியும் மாங்கூழ் ஆலையிலேயே இருக்கிறது. இயக்குநர் குழுவும் அந்த ஆலையின் கணக்கைத் தனியாகத்தான் பார்க்கிறது.

ஏட்டுல குட்வில் 8 கோடிதான் இருக்கு. ஆடிட்டர் 10 கோடின்னு போட்டு சோதனை பண்ணச் சொல்றார். இல்லாத 2 கோடி எங்கிருந்து வந்தது?

பலர் தடுக்கி விழும் படி இது. ஏட்டில் இருக்கும் 8 கோடி, 80 சதவீதப் பங்குக்கு உரிய குட்வில் மட்டுமே. சிறுபான்மையரை நிகரச் சொத்தின் பங்குக்கே எடுத்ததால், அவர்கள் பக்கத்துக் குட்வில் ஏட்டிலேயே ஏறவில்லை. ஆனால் ஆலை சம்பாதிக்கப்போவதாகக் கணிக்கும் பணம் 80 சதவீதம் அல்ல, முழு நூறு. ஒரு பக்கம் முழு ஆலையின் வருமானம், மறுபக்கம் 80 சதவீதக் குட்வில் என்று வைத்தால் தராசு பொய் சொல்லும்.

அதனால் சோதனைக்காக மட்டும் 8 கோடியை 80 சதவீதத்தால் வகுத்து 10 கோடியாக உயர்த்துகிறோம். இந்த 2 கோடி சோதனைத் தாளில் மட்டுமே இருக்கும். இருப்புநிலைக் குறிப்பில் ஒருபோதும் வராது.

```
நிலம்                         15
கட்டடம்                        6
இயந்திரங்கள்                  20
வாடிக்கையாளர் உறவு             4
நிகர நடைமுறை மூலதனம்           5
                             ----
நிகரச் சொத்து                 50
குட்வில் (ஏட்டில்)              8
குட்வில் (சிறுபான்மையர், கற்பிதம்) 2
                             ----
சோதனைக்கான ஏட்டு மதிப்பு       60   (ரூ. கோடி)
```

உயர்த்தாமல் விட்டால் என்ன ஆகும்? மீட்கக்கூடிய தொகை 58.5 கோடி வந்தது என்று வையுங்கள். 58-ஓடு ஒப்பிட்டால் நஷ்டமே இல்லை. 60-ஓடு ஒப்பிட்டால் 1.5 கோடி நஷ்டம். அதில் 80 சதவீதமான 1.2 கோடியைக் குட்வில்லில் கழிக்க வேண்டும். இந்த ஒரு படியை மறந்தால் நஷ்டம் இருக்கும் வருடம் இல்லாத வருடமாகிவிடும்.

மீட்கக்கூடிய தொகை 44 கோடின்னு எப்படி வந்தது? ஃபைலில் வெறும் எண்தான் இருக்கு.

இரண்டு மதிப்பில் எது அதிகமோ அதுதான் மீட்கக்கூடிய தொகை. ஒன்று, ஆலையை இன்று விற்றால் விற்பனைச் செலவு போகக் கையில் நிற்கும் நியாய மதிப்பு. அது 43 கோடி. இன்னொன்று, ஆலையைத் தொடர்ந்து நடத்தினால் வரப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பு, அதாவது பயன்பாட்டு மதிப்பு. அது 44 கோடி. எனவே 44.

பயன்பாட்டு மதிப்பின் கணக்கு இப்படிப் போகிறது. அடுத்த 5 வருடத்துக்கு, வரிக்கு முந்தைய நிகரப் பண வரவு 5.0, 5.4, 5.6, 5.8, 6.0 கோடி. அதன் பிறகு வருடம் 3 சதவீத வளர்ச்சி. வரிக்கு முந்தைய தள்ளுபடி விகிதம் 15 சதவீதம். 5 வருட வரவின் இன்றைய மதிப்பு 18.4 கோடி. ஐந்தாம் ஆண்டுக்குப் பிந்தைய முடிவு மதிப்பு 6.0 × 1.03 ÷ 0.12 = 51.5 கோடி, அதை இன்றைக்குக் கொண்டுவந்தால் 25.6 கோடி. கூட்டினால் 44.

பாதிக்கு மேல் முடிவு மதிப்பிலிருந்துதான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். தள்ளுபடி விகிதத்தை 15-இலிருந்து 14 ஆக்கினால் 44 கோடி 48 கோடியாகிவிடும். நஷ்டத்தில் 4 கோடி காணாமல் போய்விடும். அதனால் விகிதம் எங்கிருந்து வந்தது என்ற தாள் இல்லாத ஃபைலை நான் திறந்தவுடனே மூடிவிடுவேன்.

பண வரவுக் கணிப்பில் மாங்காய்க்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மா ஒரு வருடம் அள்ளிக் கொடுத்து மறுவருடம் ஓய்ந்துவிடும். அல்போன்சாவில் இது இன்னும் அதிகம். நல்ல விளைச்சல் வருடத்தை அடித்தளமாக வைத்து அதன் மேல் 5 வருடம் வளர்த்தால் எண் அழகாக வரும், நம்பத்தான் முடியாது. பல பருவங்களின் சராசரிக் கொள்முதலும் சராசரி விலையும்தான் அடித்தளமாக வேண்டும். போன வருடம் போட்ட கணிப்பையும் உண்மையில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வருடமும் கணிப்பு மேலே, நடப்பு கீழே என்றால் இந்த வருடக் கணிப்பையும் அந்த அளவுக்குச் சந்தேகிக்கலாம்.

இன்னொன்று. புது அசெப்டிக் லைன் போடப்போகிறோம், அதனால் கொள்ளளவு கூடும் என்று வரும் வரவைப் பயன்பாட்டு மதிப்பில் சேர்க்கக் கூடாது. ஆலை இன்று இருக்கும் நிலைதான் கணக்கு. இருக்கும் இயந்திரத்தை ஓட வைக்கும் பராமரிப்புச் செலவைக் கழிக்க வேண்டும். வட்டியும் வருமான வரியும் வரவே கூடாது.

சோதனையை மார்ச் 31-லதான் செய்யணுமா? அந்த நேரத்துல வேலை குவியுதே.

கட்டாயமில்லை. வருடத்தில் எந்த நாளும் இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு வருடமும் அதே நாளாக இருக்க வேண்டும். இந்த வருடமே வாங்கிய குட்வில் என்றால் இந்த வருடம் முடிவதற்குள் ஒரு தடவை சோதித்துவிட வேண்டும்.

ஆனால் மாங்கூழ் தொழிலில் நாளை மாற்றினால் ஏட்டு மதிப்பும் கூடவே மாறும். மே மாதம் தொடங்கி ஜூலை வரை கொள்முதல்; அப்புறம் அந்தச் சரக்கு வருடம் முழுவதும் விற்கும். மார்ச் கடைசியில் கிடங்கு கிட்டத்தட்டக் காலி. செப்டம்பரில் கிடங்கு நிறைய டிரம். செப்டம்பர் 30-ஐ சோதனை நாளாக வைத்தால், நடைமுறை மூலதனம் நம் உதாரணத்தின் 5 கோடியைப் போலச் சில மடங்கு இருக்கும். அதை ஏட்டு மதிப்பில் சேர்க்கிறீர்கள் என்றால், அந்தச் சரக்கு விற்று வரும் பணமும் கணிப்பில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் விட்டால் இரண்டு பக்கமும் விடுங்கள். மார்ச்சுக்குப் போட்ட பழைய எக்செல்லைத் தேதி மட்டும் மாற்றி செப்டம்பருக்குப் பயன்படுத்தினால் பொய் நஷ்டம் கிளம்பும்.

மொத்த நஷ்டம் 16 கோடி. இதை எப்படிப் பிரிக்கிறது? ஒரு தடவை முழுசா போட்டுக் காட்டுங்க.

60-இலிருந்து 44 போனால் 16. முதல் அடி குட்வில்லுக்கு. கற்பிதமாக உயர்த்திய 10 கோடியும் போய்விடுகிறது. அதில் 8 கோடி ஏட்டில் இருப்பது, கழிக்கிறோம். மீதி 2 கோடி ஏட்டிலேயே இல்லாதது, கழிக்க ஒன்றுமில்லை. அந்த நஷ்டம் கணக்கில் வராமலே முடிகிறது.

மிச்சம் 6 கோடி. இது மற்றச் சொத்துகள் மேல் ஏட்டு மதிப்பு விகிதத்தில் விழும். ஆனால் எல்லாச் சொத்துகள் மேலும் அல்ல. சரக்கு, வர வேண்டிய தொகை போன்றவை இண்ட் ஏஎஸ் 36-க்குள் வராது, அவற்றுக்கு வேறு தரநிலைகள் உண்டு. ஆகவே 5 கோடி நடைமுறை மூலதனத்தைத் தொடுவதில்லை. மிச்சமிருப்பது நிலம் 15, கட்டடம் 6, இயந்திரம் 20, வாடிக்கையாளர் உறவு 4; மொத்தம் 45.

முதல் சுற்றில் நிலத்துக்கு 2 கோடி, கட்டடத்துக்கு 0.80, இயந்திரத்துக்கு 2.67, வாடிக்கையாளர் உறவுக்கு 0.53 வருகிறது. ஆனால் நிலத்தை விற்றால் செலவு போக 18 கோடி கிடைக்கும். ஏட்டில் 15 தான். அதனால் நிலத்தின் மேல் ஒரு ரூபாய் நஷ்டமும் போட முடியாது. அதன் 2 கோடி மற்ற மூன்றுக்கும் திரும்பப் பிரிகிறது.

```
                 முன்பு   1-ம் சுற்று  2-ம் சுற்று  மொத்தம்  பின்பு
நிலம்             15.00     2.00       -2.00      0.00   15.00
கட்டடம்            6.00     0.80        0.40      1.20    4.80
இயந்திரம்         20.00     2.67        1.33      4.00   16.00
வா. உறவு           4.00     0.53        0.27      0.80    3.20
மொத்தம்           45.00     6.00        0.00      6.00   39.00
```

39-ஓடு நடைமுறை மூலதனம் 5 சேர்த்தால் 44. மீட்கக்கூடிய தொகையோடு பொருந்துகிறது. பிரித்து முடித்ததும் இந்த ஒரு கூட்டலைப் போட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் எங்கோ சறுக்கியிருக்கிறீர்கள்.

லாப நஷ்டக் கணக்கில் வருவது 8 + 6 = 14 கோடி. 16 அல்ல.

நிலத்தை மட்டும் ஏன் காப்பாத்தணும்? அதுவும் அந்த ஆலையோட சொத்துதானே?

பிரிக்கும்போது எந்தச் சொத்தையும் மூன்றில் எது பெரிதோ அதற்குக் கீழே இறக்கக் கூடாது: விற்பனைச் செலவு போன நியாய மதிப்பு, தனியாகக் கணிக்க முடிந்தால் அதன் பயன்பாட்டு மதிப்பு, பூஜ்யம். நெடுஞ்சாலையை ஒட்டிய நிலத்தின் விலை மாங்கூழ் வியாபாரத்தோடு சேர்ந்து விழாது. ஆலை மூடினாலும் அங்கே ஒரு கிடங்கு வரும்.

இங்கே ஒரு தப்பு அடிக்கடி நடக்கும். நியாய மதிப்புக்குப் பத்திரப் பதிவு வழிகாட்டி மதிப்பை எடுத்து வைத்துவிடுவார்கள். அது முத்திரைத் தீர்வைக்காக அரசு வைப்பது. சந்தை விலை அதற்கு மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். பக்கத்து நிலங்கள் உண்மையில் கைமாறிய விலையோ, பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் அறிக்கையோ வேண்டும். இயந்திரத்துக்கு அப்படி விலை தெரியாவிட்டால், அதன் பங்கு நஷ்டத்தை அப்படியே ஏற்றலாம்.

பழைய டப்பா அடைக்கிற லைன் ஒண்ணு ரெண்டு வருஷமா சும்மா கிடக்கு. அதையும் இந்த 20 கோடிக்குள்ளயே வைக்கலாமா?

வைக்கக் கூடாது. தனியாக அடிபட்டது தெரிந்த சொத்தை முதலில் தனியாகச் சோதித்து அதன் நஷ்டத்தை எழுதிவிட வேண்டும். அதன் பிறகுதான் குட்வில்லோடு சேர்ந்த அலகு. வரிசையை மாற்றினால், ஓடாத லைனின் நஷ்டத்தைக் குட்வில் விழுங்கிவிடும். நம் உதாரணத்தின் 20 கோடி, அந்த வேலை முடிந்த பிறகு நிற்கும் எண்.

14 கோடியில் பழைய முதலாளி குடும்பம் எவ்வளவு சுமக்குது?

1.2 கோடி. குட்வில் 8 கோடி முழுக்கத் தாய் நிறுவனத்துடையது, அதில் அவர்களுக்குப் பங்கு இல்லை. மற்றச் சொத்துகளின் 6 கோடியில் 20 சதவீதம் அவர்களுடையது. தாய் நிறுவனத்துக்கு 8 + 4.8 = 12.8 கோடி. மொத்த 14-ஐ அப்படியே 80:20 என்று வெட்டி 2.8 கோடியைச் சிறுபான்மையர் தலையில் போடுவது இந்த முறையில் தவறு.

சிறுபான்மையரை நியாய மதிப்புக்கு எடுத்திருந்தா?

அப்போது குட்வில் முழுதாக ஏட்டிலேயே இருக்கும், உயர்த்தும் வேலை இல்லை. அவர்கள் பங்கின் நியாய மதிப்பு 11.5 கோடி என்றால் குட்வில் 48 + 11.5 − 50 = 9.5 கோடி. சோதனைக்கு 59.5 கோடி, நஷ்டம் 15.5 கோடி, அது முழுவதும் கணக்கில் வரும். துணை நிறுவனமே தனி அலகாக இருப்பதால், லாபத்தைப் பகிரும் அதே 80:20 விகிதத்தில் நஷ்டமும் பிரியும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. குட்வில்லில் சிறுபான்மையருக்கு உரியது 1.5 கோடிதான். ஆனால் 9.5 கோடி குட்வில் நஷ்டத்தில் அவர்கள் தலையில் விழுவது 1.9 கோடி. கட்டுப்பாட்டுக்காகத் தாய் நிறுவனம் கூடுதல் விலை கொடுத்ததன் சுமை கொஞ்சம் அவர்கள் பக்கமும் சாய்கிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் தரநிலை சொல்வது அதுதான். எந்த முறை என்பதை வாங்கும் அன்றே தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது.

காவேரிப்பட்டினம் அக்கவுண்டன்ட் தன்னோட ஏட்டுல 6 கோடி எழுத மாட்டேங்கிறார். யார் சரி?

பெரும்பாலும் அவர்தான் சரி. அவருடைய தனி ஏட்டில் குட்வில்லும் இல்லை, வாங்கியபோது நாம் நியாய மதிப்புக்கு உயர்த்திய தொகையும் இல்லை. அவர் ஏட்டில் ஆலை 41 கோடிக்கு நிற்கிறது என்றால், 44-ஓடு ஒப்பிட்டால் அவருக்கு நஷ்டமே கிடையாது. 14 கோடியும் ஒருங்கிணைப்புத் தாளில் மட்டும் போடும் பதிவு.

வினை அடுத்த வருடம்தான் வரும். துணை நிறுவனம் பழைய மதிப்பிலேயே தேய்மானம் எழுதி அனுப்பும். ஒருங்கிணைந்த கணக்கில் இயந்திரம் 4 கோடி குறைந்திருக்கிறது. மீதி ஆயுள் 10 வருடம் என்றால் வருடத்துக்கு 40 லட்சம் தேய்மானத்தைக் குறைக்க வேண்டும். கட்டடத்துக்கும் வாடிக்கையாளர் உறவுக்கும் இதே போல. இந்தச் சரிக்கட்டலை வருடாவருடம் எடுத்துச் செல்லத் தனித் தாள் வையுங்கள். ஆள் மாறும்போது காணாமல் போவது இந்தத் தாள்தான்.

அடுத்த வருஷம் விளைச்சலும் விலையும் நல்லா வந்தா இதைத் திருப்பி எழுதலாமா?

குட்வில் 8 கோடி திரும்பாது. எந்தக் காரணத்துக்கும் கிடையாது. காலாண்டுக் கணக்கில் எழுதியதைக்கூட வருடக் கடைசியில் திருப்ப முடியாது.

மற்ற 6 கோடி திரும்பலாம். ஆனால் மீட்கக்கூடிய தொகையைத் தீர்மானிக்கப் பயன்படுத்திய மதிப்பீடுகள் மாறியிருக்க வேண்டும். ஒரு நல்ல பருவம் போதாது. அப்போதும், நஷ்டமே எழுதாமல் வழக்கமான தேய்மானம் மட்டும் போயிருந்தால் எவ்வளவு இருந்திருக்குமோ அதற்கு மேல் ஏற்றக் கூடாது. இயந்திரத்துக்கு ஒரு வருடம் கழித்து அது 18 கோடி, 20 அல்ல.

ஓசூர் கம்பெனியோட தனிக் கணக்குல 48 கோடி முதலீடு அப்படியே நிக்கட்டுமா?

நிற்காது. அடக்க விலையில் இருக்கும் முதலீட்டையும் இண்ட் ஏஎஸ் 36-ன்படியே பார்க்க வேண்டும். ஆலையின் மதிப்பு 44 என்றால் 80 சதவீதம் 35.2 கோடி, நஷ்டம் 12.8 கோடி. ஒருங்கிணைந்த கணக்கில் தாய் நிறுவனத்தின் பங்கும் 12.8 தான். வாங்கியதிலிருந்து நிகரச் சொத்து 50 கோடியிலேயே நின்றதால் இரண்டும் பொருந்துகின்றன. நடுவில் லாபம் சேர்ந்திருந்தால் பொருந்தாது, பொருந்த வேண்டிய அவசியமும் இல்லை. ஆலைக்குக் கடன் இருந்தால் 44-இலிருந்து அதைக் கழித்த பிறகே 80 சதவீதம் போட வேண்டும்.

எங்க குரூப் சின்னது, இண்ட் ஏஎஸ்-ஸுக்குள்ள வரலை. எங்களுக்கும் இதேதானா?

ஏறக்குறைய. பட்டியலிடாத, 250 கோடிக்குக் கீழே நிகர மதிப்புள்ள, இண்ட் ஏஎஸ்-ஸுக்கு உட்பட்ட குழுமம் எதிலும் சேராத நிறுவனமென்றால் உங்களுக்கு ஏஎஸ் 21-உம் ஏஎஸ் 28-உம். அங்கே குட்வில்லுக்குக் கட்டாய வருடச் சோதனை இல்லை, அறிகுறி வந்தால்தான். இனி நடக்க வாய்ப்பில்லாத, அசாதாரணமான வெளி நிகழ்வு ஒன்றால் வந்த குட்வில் நஷ்டத்தை, பிறகு வரும் வெளி நிகழ்வுகள் அந்த விளைவை நீக்கினால், திருப்பி எழுதவும் ஏஎஸ் 28 இடம் கொடுக்கிறது. ஒரு பருவத்தில் மாங்காய் விலை சரிந்தது அந்த வகையில் சேராது. அது இங்கே மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு தடவை நடப்பதுதான்.